தோசை ஓரமும் பத்து வரியும்

அகவை, வாகை, வையம். இந்த மூணு சொல்லையும் உங்க வீட்ல யாராவது கடைசியா எப்போ வாய்விட்டுச் சொன்னாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்ல யாருமே சொன்னதில்ல. ஆனா பிறந்தநாள் கவிதைன்னு உட்கார்ந்தா போதும், இந்த மூணும் முதல் ஆளா வந்து வரிசையில நிக்கும்.

என் தங்கச்சிக்குப் போன செமஸ்டர்ல பதினொரு வயசு முடிஞ்சுது. பிறந்தநாள் சரியா இன்டர்னல்ஸ் வாரத்துல வந்ததால ஊருக்குப் போக வழியில்ல. அவ பிறந்ததுல இருந்து நான் பக்கத்துல இல்லாத முதல் பிறந்தநாள் அது. போன்ல அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "எனக்கு ஒரு பாட்டு எழுதி அனுப்பு. சிரிப்பு வரணும். ஸ்கூல் ஆண்டுவிழா பாட்டு மாதிரி இருந்துச்சுன்னா பேசமாட்டேன்." கேக் வெட்டும்போது அம்மா அதை எல்லார் முன்னாடியும் படிக்கணுமாம். அவ கிளாஸ் பொண்ணுங்க நாலு பேரு வருவாங்களாம். அதாவது இது தப்பா போனா கேலி எனக்கில்ல, அவளுக்கு.

ரூம்ல விஷயத்தைச் சொன்னதும் ஒரு நண்பன் ரெண்டே நிமிஷத்துல எழுதிக் குடுத்தான்:

அன்பின் வடிவே! அழகின் உருவே!
அகவை பதினொன்று காணும் திருவே!
வெற்றி வாகை சூடியே வாழ்க!
வையம் போற்ற வளமுடன் வாழ்க!

இதைச் சும்மா குறை சொல்லிட முடியாது. அன்பு, அழகு, அகவைன்னு மோனை இருக்கு. உருவே, திருவேன்னு இயைபு இருக்கு. நாலு வரியும் ஒரே அளவுல நடக்குது. இலக்கணப்படி என் பாட்டைவிட இது ஒழுங்கான பாட்டு. அப்புறம் என்ன பிரச்சினை? 'பதினொன்று' இருக்கிற இடத்துல 'அறுபது'ன்னு போட்டுப் பாருங்க. எங்க ஹெச்.ஓ.டி.க்கு அனுப்பலாம். ஏரியா கவுன்சிலருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கலாம். யாருக்கு வேணா பொருந்துற சட்டை யாருக்கும் தைச்ச சட்டை இல்ல. ஒரு பாட்டு விறைப்பா இருக்கான்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச சுலபமான சோதனை இதுதான்: ஆளை மாத்திப் பாருங்க. வரி கொஞ்சமும் அசையலைன்னா அதுல உங்க தம்பியும் இல்ல, தங்கச்சியும் இல்ல.

அதனால முதல் வேலை எதுகை தேடுறது இல்ல. சரக்கு சேக்குறது. ரஃப் நோட்டுல அவளைப் பத்தி ஆறு விஷயம் எழுதினேன். 'சுட்டி', 'பாசக்காரி' மாதிரி குணம் எதையும் எழுதல. கண்ணால பாத்ததை மட்டும். ஒண்ணு, என் தட்டுல விழுற தோசையோட மொறுமொறு ஓரத்தைச் சுத்திப் பிச்சுத் தின்னுட்டு மெத்துன்னு இருக்கிற நடுப்பகுதியை மட்டும் எனக்கு விட்டுவைப்பா. ரெண்டு, சுவரோரம் ஒழுங்கா படுப்பா, விடியும்போது என் முதுகுல அவ கால் இருக்கும். மூணு, டிவி ரிமோட்டை அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சுவைப்பா. நாலு, பல்லின்னா பயம். அஞ்சு, முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. ஆறு, நான் பஸ் ஏறக் கிளம்பினா டாட்டா சொல்ல வரமாட்டா, பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்குவா.

இப்போ இதுல எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது? கேலிப்பாட்டுல எல்லாமே இந்தத் தேர்வுலதான் இருக்கு. நான் வெச்ச அளவுகோல் ஒண்ணுதான்: அந்தக் கதையை அவளே யார்கிட்டயாவது சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காளா? தோசைக் கதையை அவளே பெருமையா சொல்லுவா, "எங்க அண்ணனுக்கு ஓரமே கிடைக்காது" அப்படின்னு. தூக்கத்துல உதைக்கிறதும் அப்படித்தான், அதை நடிச்சே காட்டுவா. ஆனா பல்லு? போட்டோ எடுக்கும்போது ஒரு வருஷமா வாயைத் திறந்து சிரிக்கிறதில்ல. அதைக் கவனிச்ச அன்னிக்கே அந்தப் பல்லு கேலி லிஸ்ட்ல இருந்து போயிருச்சு. பத்து பதினொரு வயசு அப்படிப்பட்ட வயசு. ஏழு வயசுல குழந்தைகிட்ட எதைச் சொன்னாலும் சிரிக்கும். பதினொண்ணுல சில விஷயம் சிரிப்பு, சில விஷயம் ராத்திரி அழுகை. எது எதுன்னு வெளி ஆளுக்குத் தெரியாது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியும்.

பல்லி சமாச்சாரத்தைக் கடைசியில சொல்றேன். அது ஒரு வம்பு.

அடுத்தது வடிவம். நாலு நாலு வரியா எழுதினா கை தன்னால வாழ்த்து மடல் பக்கம் போகுது. அதனால குறும்பா எடுத்துக்கிட்டேன். இங்கிலீஷ்ல லிமெரிக்னு சொல்ற அஞ்சு வரி வேடிக்கைப் பாட்டுக்குத் தமிழ்ல வெச்ச பேரு அது. யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த கவிஞர் மஹாகவி (இயற்பெயர் து. உருத்திரமூர்த்தி) இந்த வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து 1966-ல 'குறும்பா'ங்கிற பேருலயே புத்தகம் போட்டார். குறுகிய பான்னும் படிக்கலாம், குறும்பும் காதுல விழும். அதுக்கு 120 வருஷம் முன்னாடி, 1846-ல, எட்வர்ட் லியர்னு ஒரு ஓவியர் லண்டன்ல இப்படிப்பட்ட பாட்டுகளைப் படம் போட்டு வெளியிட்டு இந்த வடிவத்தைப் பிரபலமாக்கினார். டெர்பி பிரபு வளர்த்த விலங்கு, பறவைகளை வரையப் போன இடத்துல, அந்த வீட்டுப் பிள்ளைங்களைச் சிரிக்க வைக்க எழுதினது அதெல்லாம். ஆக, லியர் கையில இது வீட்டுக்குள்ள பிள்ளைங்களுக்காக வந்த வடிவம். தங்கச்சிக்கு எழுத இதைவிடப் பொருத்தமா வேற எதைத் தேடுறது?

அமைப்பு சுலபம். ஒண்ணு, ரெண்டு, அஞ்சாவது வரிகள் நீளம், மூணும் ஒரே ஓசையில முடியும். மூணாவது, நாலாவது வரிகள் குட்டை, அது ரெண்டும் தங்களுக்குள்ள வேற ஒரு ஓசையில முடியும். இதுல குறும்பு எங்க இருக்குன்னா, முதல் ரெண்டு வரி ஒரு ஓசையைக் காதுல போட்டு வெச்சிடுது. நடுவுல குட்டை வரிகள் வேகமா ஓடி அதை மறக்கடிக்குது. அஞ்சாவது வரியில பழைய ஓசை திரும்பி வரும்போது "அட, வந்துருச்சு!"ன்னு ஒரு சந்தோஷம். அந்த நொடியில எதைச் சொன்னாலும் கேட்கிறவங்க பாதி சிரிக்கத் தயாரா இருப்பாங்க. அதனால நல்ல சரக்கு கடைசி வரிக்குத்தான் போகணும்.

முதல்ல தூக்கக் கதையை எடுத்தேன். தமிழ்ல இயைபு கிடைக்கிறது ரொம்ப சுலபம், ஆபத்தே அதுதான். வினைச்சொல் எல்லாம் ஒரே விகுதியில முடியும். வருவ, போவ, திம்ப, தூங்குவ, சிரிப்ப. எந்த ரெண்டு வரியை எடுத்தாலும் கடைசி அகரம் ஒத்துப்போயிடும். ஆனா காதுக்கு அது ஓசையா கேக்காது, கணக்குப் பட்டியல் மாதிரி கேக்கும். காரணம், ஒத்துப்போறது விகுதி மட்டும்தான், சொல்லோட உடம்பு ஒத்துப்போகலை. அதனால விகுதிக்கு முன்னாடி இருக்கிற எழுத்தும் சேர்ந்து ஒத்துவரணும். 'படுப்ப'வுக்கு 'சிரிப்ப' ஜோடி இல்ல. 'எடுப்ப' ஜோடி, 'குடுப்ப' ஜோடி. பாருங்க, 'டுப்ப' முழுசா திரும்ப வருது. வினைச்சொல்லை வரிக்கடைசியில வெச்சே ஆகணும்னா குறைஞ்சது இந்த அளவு வேணும். வந்தது இது:

சுவரோரம் ஒழுங்காத்தான் சுருண்டு படுப்ப,
நடுராத்திரி போர்வைய உருவி எடுப்ப,
முதுகுல விழும் உத,
முழுராத்திரி இதே கத,
விடிஞ்சதும் "நானா?"ன்னு ஆக்டு குடுப்ப!

இதுல ரெண்டு விஷயம் சொல்லணும். மூணாவது வரியில 'உதை'ன்னும் நாலாவதுல 'கத'ன்னும் எழுதினா ஓசை உடைஞ்சிடும். பேச்சுல சொல்லோட கடைசியில வர்ற ஐகாரம் அகரமா தேயும்: உதை உத ஆகும், கதை கத ஆகும், போர்வையை போர்வைய ஆகும். ஒரு இடத்துல எழுத்துத்தமிழ், அடுத்த இடத்துல பேச்சுத்தமிழ்னு கலந்தா படிக்கிறவங்க நாக்கு தடுக்கும். கட்டுரையில கலக்கலாம், நானே இப்போ அதைத்தான் செய்யறேன். பத்து வரிப் பாட்டுல முடியாது. 'படுப்பாய்'னு எழுதினா 'ஆக்டு' உள்ளேயே வராது, 'ஆக்டு' வந்தா 'படுப்பாய்' நிக்காது. ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரைக்கும் அதுலயே போகணும். அம்மாதான் படிக்கப் போறாங்க, அம்மா வாய்ல வர்ற தமிழைத்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு எதுகை. ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கும்: முதல் எழுத்து ஒண்ணா வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒண்ணா வந்தா எதுகை, கடைசி ஒண்ணா வந்தா இயைபு. பிறந்தநாள் பாட்டு எழுதுறவங்க இயைபை மட்டும் பிடிச்சுத் தொங்குவோம். ஆனா தமிழ்க் காது வரியோட நடுவுலயும் ஓசை தேடும். 'சுருண்டு படுப்ப', 'உருவி எடுப்ப' ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க. சுருண்டு, உருவின்னு ரெண்டாவது எழுத்து 'ரு' ஒத்துவருது. அது இல்லாம 'மடங்கி படுப்ப, உருவி எடுப்ப'ன்னு இருந்தாலும் தப்பில்ல. ஆனா இதுல வர்ற துள்ளல் அதுல வராது. விறைப்பு போகணும்னா சொல்லு மட்டும் இறங்கி வந்தா போதாது, வரியும் குதிக்கணும்.

ரெண்டாவது குறும்பா தோசைக்கு. இதுல வேலை செஞ்ச முறையை முழுசா சொல்றேன், ஏன்னா இது கீழே இருந்து மேல எழுதினது. 'ஓரம்'ங்கிற சொல்லு எப்படியும் வரணும். அதனால அந்த ஓசையில முடியுற சொல்லையெல்லாம் முதல்ல நோட்டுல வரிசையா எழுதினேன்: ஓரம், நேரம், வாரம், பாரம், காரம், ஈரம், வீரம், தூரம். அப்புறம் மரம், வரம், கரம், தரம். இந்தக் கடைசி நாலையும் உடனே அடிச்சேன். ஏன்னு காதுக்கே தெரியும்: 'ஓரம் - தூரம்' ஒட்டுது, 'ஓரம் - மரம்' ஒட்டலை. இதுக்குப் பின்னாடி ஒரு பழைய விதி இருக்கு. எதுகைக்கு ரெண்டாம் எழுத்து ஒத்தா மட்டும் போதாது, முதல் எழுத்தோட அளவும் ஒத்துப்போகணும், நெடில்னா நெடில், குறில்னா குறில். யாப்பிலக்கணத்துல சொல்ற அந்த விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்போ எதுக்குன்னு புரியல. தோசை ஓரத்துக்கு ஜோடி தேடும்போது ஒரே நிமிஷத்துல புரிஞ்சுது.

மிச்சம் எட்டுச் சொல்லு. அதுல கண்ணு போய் நின்னது 'தூரம்' மேல. ஊருக்கும் ஹாஸ்டலுக்கும் ஆறு மணி நேர பஸ். அங்க என் தட்டுல ஓரம் இல்ல, ஆனா அவ இருந்தா. இங்க தோசை ஓரத்தோட முழுசா தட்டுல கிடக்கு, பிச்சுத் திங்க ஆள் இல்ல. கடைசி வரி அப்பவே கிடைச்சுருச்சு. முதல் வடிவத்துல அது இப்படி இருந்துச்சு:

இங்க ஹாஸ்டல்ல தோசை ஓரத்தோட முழுசா இருக்கு, ஆனா நீதான் ரொம்ப தூரம்

இதைக் கையைத் தட்டிப் படிச்சா ஒன்பது தட்டு வருது. நீளவரிக்கு நான் வெச்ச கணக்கு நாலு தட்டு. 'சுவரோரம் / ஒழுங்காத்தான் / சுருண்டு / படுப்ப' மாதிரி. தட்டு எண்ணுறது அசை பிரிக்கிற அளவுக்குத் துல்லியம் இல்ல. ஆனா பாட்டு வாய்விட்டுப் படிக்கத்தான்னா இது போதும். அஞ்சு தட்டு அதிகம்னா அஞ்சு சொல்லு போகணும். 'இங்க'ன்னாலே ஹாஸ்டல்தான், 'ஹாஸ்டல்ல' போச்சு. தோசை முழுசா இருக்குன்னா ஓரமும் இருக்குன்னுதானே அர்த்தம், 'ஓரத்தோட' போச்சு. 'ரொம்ப' போச்சு, தூரம்னாலே தூரம்தான். 'முழுசா', 'இருக்கு' ரெண்டும் வேகமா சொன்னா 'முழுசாருக்கு'ன்னு ஒரே தட்டுல உட்காருது. அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. கடைசியா 'ஆனா'. அதை எடுக்க மனசு வரல, எடுத்தபிறகுதான் வரிக்கே உயிர் வந்துச்சு. 'ஆனா'ன்னு சொன்னா சோகம் வரப்போகுதுன்னு முன்கூட்டியே மணி அடிச்ச மாதிரி. அது இல்லாம வந்தா தோசையைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கும்போது சட்டுன்னு கால் இடறுது.

குட்டை வரிகளுக்கு இரட்டைக்கிளவியை எடுத்தேன். மொறுமொறு தோசைக்கு. மாட்டிக்கிட்டா அவ முழிக்கிற முழிக்குத் திருதிரு. வல்லின று, இடையின ரு, ரெண்டும் வேற வேற எழுத்து, தமிழ் ஐயா பாத்தா சுழிப்பார். ஆனா எங்க வீட்டுப் பேச்சுல ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, கேட்கிற எல்லாக் காதும் அதை ஜோடின்னுதான் எடுத்துக்கும். எழுதிக் குடுக்குற கவிதைக்கு இந்தச் சலுகை கொஞ்சம் உறுத்தும். படிச்சுக் காட்டுற பாட்டுக்கு உறுத்தாது.

பதினொண்ணு வயசாச்சு இந்த வாரம்,
என் தட்டு தோசைக்கு இல்ல ஓரம்!
மென்னு தின்னா மொறுமொறு,
மாட்டிக்கிட்டா திருதிரு,
இங்க தோசை முழுசாருக்கு, நீதான் தூரம்!

இதுல 'அன்பு', 'பாசம்', 'உயிர்'னு எந்தச் சொல்லும் இல்லைங்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. வேணும்னேதான். வேடிக்கைப் பாட்டுக்குள்ள அந்தச் சொற்கள் வந்தா, அது வரைக்கும் சிரிச்சவங்க சட்டுன்னு நிமிந்து உட்கார்ந்திடுவாங்க. மேல ஃப்ளெக்ஸ்ல பாத்த குரல் திரும்ப வந்துரும். பாசத்தைச் சொல்லாம, அவ இல்லாததால என்ன மாறிப்போச்சுன்னு மட்டும் சொன்னா போதும். தோசை முழுசா இருக்குன்னு ஒரு தகவல்தான் அது. மிச்சத்தை அவ புரிஞ்சுக்குவா. இன்னொரு விஷயம், லியர் பல பாட்டுல முதல் வரி முடிஞ்ச சொல்லையே அஞ்சாவது வரியிலயும் வெச்சு முடிப்பார். அது ஊஞ்சல் மாதிரி கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து விடும். எனக்கு இங்க அது ஒத்துவராது. 'ஓரம்'லயே முடிச்சா தோசையோட நின்னுடும். புதுச் சொல்லு வந்தாத்தான் ஊரு வரைக்கும் போகும்.

இப்போ அந்தப் பல்லி. சொல் வரிசையில 'வீரம்' இருந்துச்சு இல்லையா? அதைப் பாத்த உடனே ஒரு வரி தானாவே வந்து நின்னுச்சு: 'பல்லியப் பாத்தா போயிரும் வீரம்'. நாலு தட்டு கச்சிதம், ஓசை கச்சிதம், ரூம்ல படிச்சுக் காட்டினா எல்லாரும் சிரிச்சாங்க. எழுதினதுலயே அதிகம் சிரிப்பு வாங்கினது அந்த வரிதான். ஆனா பல்லி பயத்தை அவ கிளாஸ் பொண்ணுங்ககிட்ட மறைச்சு வெச்சிருக்கா. அவங்க முன்னாடி "எனக்கெல்லாம் பயமே இல்ல"ன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து என்னை விரட்டச் சொல்லுவா. அந்த நாலு பொண்ணுங்க முன்னாடி அம்மா இந்த வரியைப் படிச்சா என்ன ஆகும்? சிரிப்பு வரும், அவளைத் தவிர எல்லாருக்கும். எதுகை இப்படித்தான் ஆசை காட்டும். நீங்க சொல்ல நினைக்காததையும் கச்சிதமா கட்டிக் கையில குடுக்கும். வரி நல்லா இருக்குங்கிறதே அதை வெச்சுக்கக் காரணம் ஆகாது. ரூம்ல இருந்தவங்க எல்லாரும் அது இருக்கட்டும்னாங்க. அவங்களுக்கு அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாது. அடிச்சுட்டேன்.

பாத்ரூம் கதவு சமாச்சாரத்தையும் எழுதல. அது கேலியும் இல்ல, அடுத்தவங்களுக்குக் காட்டுறதும் இல்ல. எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அரிசி டப்பா ரிமோட்டை விட்டதுக்குக் காரணம் வேற: அது இன்னும் நடந்துக்கிட்டிருக்கிற போர். இடத்தை வெளியில சொன்னா ரகசியம் போயிரும், அப்பா டப்பாவைத் திறந்துருவார்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பாக்கி. எழுதின ஆள் படிச்சா எந்தப் பாட்டும் சரளமா இருக்கும், ஏன்னா எங்க இழுக்கணும், எங்க முழுங்கணும்னு நமக்குத் தெரியும். அதனால பக்கத்து ரூம் பையன்கிட்ட எதுவும் சொல்லாம பேப்பரைக் குடுத்துச் சத்தமா படிக்கச் சொன்னேன். ரெண்டு இடத்துல நின்னான். 'நடுராத்திரி'ன்னு நான் முதல்ல 'நடுராத்திரியில'ன்னு எழுதியிருந்த இடத்துல ஒண்ணு. அந்த 'யில' ஒரு தட்டைத் தின்னுது, எடுத்தேன். 'நானா?'ன்னு வர்ற இடத்துல இன்னொண்ணு. மேற்கோள் குறி போடாததால 'நானான்னு' ஒரே சொல்லா படிச்சு முழிச்சான். குறியைப் போட்டதும் குரலே மாறிருச்சு, தன்னால அப்பாவியா நடிச்சான். அம்மாவும் அங்க நடிப்பாங்கன்னு அப்பவே தெரிஞ்சுது. ரெண்டு குறும்பாவையும் சேர்த்துப் படிக்க அரை நிமிஷம்தான் ஆகுது. மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது அதுக்கு மேல யாரும் பொறுக்கமாட்டாங்க. மூணாவது எழுதாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

வரிசையில தூக்கம் முதல்ல, தோசை ரெண்டாவது. மாத்தி வெச்சா தூரத்தைச் சொல்லிட்டுத் திரும்ப உதைக்குப் போகணும், சரிவராது. சிரிப்பெல்லாம் முதல்ல செலவாகட்டும்.

அன்னிக்கு சாயங்காலம் லேப் முடிஞ்சு வந்து போனைப் பாத்தேன். அம்மா வீடியோ அனுப்பியிருந்தாங்க. 'ஆக்டு குடுப்ப' வரும்போது கிளாஸ் பொண்ணுங்க நாலு பேரும் அவளைத் திரும்பிப் பாக்குறாங்க, அவ உடனே "நானா?"ன்னு நடிச்சுக் காட்டுறா, இன்னொரு சுற்று சிரிப்பு. கடைசி வரியில அம்மா 'நீதான்'ல கொஞ்சம் நின்னுட்டு 'தூரம்' சொன்னாங்க. அந்த நிறுத்தத்தை நான் எழுதல. தங்கச்சி ஒண்ணும் சொல்லல. கேக் மேல இருந்த செர்ரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டா.

ராத்திரி பத்தரைக்கு அம்மா போன்ல இருந்து ரெண்டு வரி வந்துச்சு:

அண்ணா அண்ணா ஆட்டுக்குட்டி,
நீ வந்தாதான் தோசைச் சட்டி!

அர்த்தம் கேட்டேன். நான் தீபாவளிக்கு வர்ற வரைக்கும் வீட்ல தோசை சுடவேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டாளாம், ஓரம் பிச்சுத் திங்க அடுத்தவங்க தட்டு இல்லாம போரடிக்குதாம். மூணு நாளா இட்லிதான்னு அப்பா பின்னாடி இருந்து கத்தினார். அண்ணா, ஆட்டுக்குட்டி மோனை. ஆட்டுக்குட்டி, சட்டி இயைபு, விகுதி இல்ல, ரெண்டும் பெயர்ச்சொல். நான் அரை நோட்டு செலவழிச்சுப் பண்ணினதை, ஆறாங்கிளாஸ் பொண்ணு பல்லு தேய்க்கிற நேரத்துல பண்ணி அனுப்பிட்டா.